இரண்டு சாட்சிகளும் ஒரு பொய்ப் படமும்

சில மாதங்களுக்கு முன் ஓர் இலக்கியச் சந்திப்பில் நண்பர் ஒருவர் திரையில் ஒரு சிறிய காணொளியைக் காட்டினார். ஒருவர் வாயசைக்கிறார். கண்ணைத் திறந்து பார்த்தால் ஓர் ஒலி கேட்கிறது. மூடினால் வேறு ஒலி. அரங்கில் எல்லாரும் கண்ணை மூடியும் திறந்தும் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு நண்பர் முடிவுரை சொன்னார்: "பாத்தீங்களா, கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய். அர்த்தம்னு ஒண்ணு வெளியில இல்ல. மூளை ஜோடிக்கிற கதைதான் எல்லாம்." கைதட்டல் எழுந்தது. நான் தட்டவில்லை.

அதன் காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தக் காணொளி இப்போது நம் எழுத்தாளர்களின் பைக்குள் இருக்கும் மந்திரக்கோல் ஆகிவிட்டது. மாயாவாதம் பேசுகிறவர் அதை எடுக்கிறார், பின்நவீனத்துவம் பேசுகிறவர் எடுக்கிறார், சுயமுன்னேற்றம் பேசுகிறவரும் எடுக்கிறார். அந்தச் சோதனை உண்மையில் சொல்வதோ இவர்கள் சொல்வதற்கு ஏறக்குறைய நேர் எதிரானது. அதைத் தவறாகப் புரிந்துகொண்டால் நஷ்டம் தத்துவத்துக்கு இல்லை. கேமரன் மலையில் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்த என் அப்பா போன்றவர்களுக்கு.

முதலில் சோதனை. 1976 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு என்ற இருவர் ஒரு குறுங்கட்டுரை வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் சர்ரே பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு. ஒரு பெண் 'பா, பா' என்று சொன்ன ஒலியை எடுத்து, அதே பெண் 'கா, கா' என்று வாயசைக்கும் படத்தின் மேல் ஒட்டினார்கள். இங்கே 'பா' என்பது 'பஸ்' என்னும்போது வரும் ஒலி, 'கா' என்பது 'கேஸ்' என்னும்போது வரும் ஒலி. பார்த்த பெரியவர்களில் 98 சதவீதம் பேர் இரண்டையும் சொல்லவில்லை. 'டாடி'யில் வரும் 'டா' கேட்டதாகச் சொன்னார்கள். ஒலியில் 'டா' இல்லை, படத்திலும் இல்லை. பொய் ஒலி கேட்டது என்று குதிப்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் ஏன் 'டா'? ஏன் 'சா' இல்லை, 'மா' இல்லை? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் மாயம் கலைந்துவிடும்.

கண் என்ன சொல்கிறது என்று பாருங்கள். உதடு மூடவில்லை; ஆகவே இது 'பா'வாக இருக்க முடியாது. 'பா'வுக்கு இரண்டு உதடுகளும் ஒட்டியே ஆக வேண்டும். உதடு திறந்திருக்கும்போது நாக்கு உள்ளே எங்கே தொடுகிறது என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. 'கா'வாக இருக்கலாம், 'டா'வாகவும் இருக்கலாம். இது கண்ணின் சாட்சியம். காதின் சாட்சியம் வேறு: வந்த ஒலி 'பா'. அது இல்லையென்றால், ஒலி அமைப்பில் 'கா'வை விட 'டா' அதற்குப் பக்கம். இரண்டு சாட்சியும் ஒரே சம்பவத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நம்பினால், இருவர் சொல்வதற்கும் பெரிதாக முரண்படாத ஒரே விடை 'டா'. மூளை கதை ஜோடிக்கவில்லை. பஞ்சாயத்தில் மூத்தவர் செய்வதைத்தான் செய்கிறது.

இதைத் திருப்பிப் போட்டால் இன்னும் தெளிவு. ஒலி 'கா', படம் 'பா' என்று ஒட்டினால் பலருக்கும் 'டா' கேட்பதில்லை. 'ப்கா', 'காபா' என்று இரண்டும் சேர்ந்து கேட்கிறது. உதடு மூடியதைக் கண் பார்த்துவிட்டது, அதை மறுக்க வழியில்லை. காதில் விழுந்த 'கா'வும் தெளிவு, அதையும் மறுக்க முடியாது. ஆகவே இரண்டையும் வைத்துக்கொள்கிறது. ஏமாளி இப்படி ஆளுக்கொரு தீர்ப்பு சொல்ல மாட்டான்.

நண்பர் பாதிப் பழமொழியோடு நிறுத்திவிட்டார். மீதி இருக்கிறது: தீர விசாரிப்பதே மெய். மெக்கர்க் விளைவு காட்டுவது அந்த விசாரணையைத்தான். அந்தக் காணொளியில் பொய் சொன்னது கண்ணோ காதோ அல்ல, ஒட்டியவர். ஒரு சாட்சியைக் கலைத்துவிட்டுத் தீர்ப்பு தவறு என்று நீதிபதியைக் கேலி செய்வது என்ன நியாயம்?

இனி, இந்த விசாரணை ஏன் நமக்கு வேண்டும் என்பதற்கு வருகிறேன். அதற்குக் கேமரன் மலைக்கு வர வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் போனவர்களுக்குத் தெரியும். சுற்றுப்பயணிகள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஐந்து நிமிடம் பார்க்கும் இடத்தில் வேலைக்காரர் எட்டு மணி நேரம் நிற்கிறார். கொழுந்தை வாட்டும் தொட்டிகளுக்கு அடியில் பெரிய காற்றாடிகள், பிறகு உருட்டும் இயந்திரங்கள், காய வைக்கும் அடுப்பு, சலிக்கும் இயந்திரம். அப்பா இருந்தது உருட்டும் பகுதியில், ரோலர் ரூம் என்பார்கள். அங்கே யாரும் கத்திப் பேச மாட்டார்கள். கத்திப் பயனில்லை என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். எதிரே வந்து, முகத்தை நேராக வைத்து, வாயை நன்றாக அசைத்துப் பேசுவார்கள். மலைச்சரிவிலும் இதேதான். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, நடுவில் செடி வரிசையை விட்டு நகர்த்திப் போகும் மோட்டார் வெட்டு இயந்திரம் இருக்கிறதே, அதைப் பிடித்திருக்கும் இருவரும் இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிக்கொள்வது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான்.

சத்தத்தில் ஏன் முகம் உதவுகிறது? தமிழ்ச் சொற்களையே எடுத்துக்கொள்வோம்: பாடு, மாடு, காடு. முதல் எழுத்து மட்டும்தான் வித்தியாசம். 'ப'வும் 'ம'வும் இரண்டு உதடும் சேர்ந்தால் பிறப்பவை. தொல்காப்பியப் பிறப்பியலே இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கிறது. ஆகவே 'பாடு', 'மாடு' இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல. கண்ணை மட்டும் நம்பினால் பாடச் சொன்னாரா, மாட்டைச் சொன்னாரா என்று தெரியாது. ஆனால் காதுக்கு இதில் குழப்பமே வராது. மூக்கொலி தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக வரும். இயந்திரச் சத்தம் அதை அவ்வளவு சுலபமாக விழுங்காது. 'பாடு', 'காடு' இரண்டையும் பிரிப்பது தலைகீழ். உதடா, நாக்கின் அடியா என்ற பிறப்பிடச் செய்தி, எழுத்து தொடங்கி நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள், பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் வந்து போய்விடும். சத்தத்தில் முதலில் சாவது அதுதான். 1955இல் மில்லர், நைஸ்லி என்ற இருவர் ஆங்கில மெய்யொலிகளை இரைச்சலில் கேட்க வைத்துச் செய்த ஆய்வு இதைக் காட்டியது: பிறப்பிடம் சீக்கிரம் குழம்புகிறது, மூக்கொலியும் குரல் அதிர்வும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கின்றன. காது தோற்கும் அந்த இடத்தில்தான் கண் வலிமையோடு நிற்கிறது. உதடு மூடியதா இல்லையா என்பதை எந்த இயந்திரச் சத்தமும் மறைக்காது.

ஆக இரண்டு சாட்சிகளும் ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்வதில்லை. ஒருவருக்குத் தெரியாததை மற்றவர் சொல்கிறார். 1954இலேயே, மெக்கர்க்குக்கு 22 வருடம் முன்னாலேயே, சம்பி, பொல்லாக் என்ற இருவர் அளந்து சொன்னார்கள்: அமைதியான அறையில் முகத்தைப் பார்ப்பதால் பெரிய லாபமில்லை, இரைச்சல் கூடக் கூட லாபம் கூடுகிறது. அதாவது கண்ணுக்கும் காதுக்கும் நிரந்தரப் பங்கு கிடையாது. அந்த நேரத்தில் யார் சாட்சியம் தெளிவோ அவர் பேச்சுக்கு எடை அதிகம். 1991இல் செகியாமா, தோகுரா ஜப்பானியர்களிடம் சோதித்தபோது, ஒலி தெளிவாக இருந்தவரை மெக்கர்க் விளைவு அவர்களிடம் மிகக் குறைவாகவே வந்தது. இரைச்சலைச் சேர்த்ததும் நன்றாகவே வந்தது.

கண்தான் காதுக்கு எஜமான் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. நாம் எத்தனை தெலுங்குப் படங்களைத் தமிழ் டப்பிங்கில் பார்த்திருக்கிறோம்? உதடு ஒன்று சொல்ல ஒலி வேறொன்று சொல்லும். கண் எஜமான் என்றால் ஒவ்வொரு வசனமும் குளறலாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்பதில்லை. ஒலி தெளிவு, வாக்கியத்துக்குப் பொருள் இருக்கிறது, உதடும் ஒலியும் நேரத்தில் பொருந்தவில்லை. இந்தச் சாட்சி இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று மூளை அவரை ஓரமாக உட்கார வைத்துவிடுகிறது. மெக்கர்க் காணொளியில் ஒற்றை எழுத்து, பொருள் கிடையாது, நேரம் கச்சிதமாகப் பொருத்தியிருக்கிறார்கள். அதனால்தான் அது பலிக்கிறது.

அப்படியும் எல்லாரிடமும் பலிப்பதில்லை. அந்த 98 சதவீதத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2015இல் பாசு மல்லிக், மக்னாட்டி, போஷாம்ப் மூவரும் பலவிதக் காணொளிகளைப் பலரிடம் காட்டியபோது, சிலருக்கு ஒரு தடவை கூட விளைவு வரவில்லை, சிலருக்கு ஒவ்வொரு தடவையும் வந்தது. எந்தக் காணொளி என்பதைப் பொறுத்தும் பெரிய மாற்றம் இருந்தது. 2017இல் வான் எங்கன் குழுவினர் இன்னும் முக்கியமான ஒன்றைக் கேட்டார்கள்: மெக்கர்க் விளைவு அதிகம் வருகிறவருக்கு, இரைச்சலில் முழு வாக்கியத்தைக் கேட்க முகம் அதிகம் உதவுகிறதா? அதை வைத்து இதைக் கணிக்க முடியவில்லை. காணொளியைக் காட்டி 'உங்க மூளை எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்குங்க' என்று பட்டறை நடத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இப்போது அப்பாவிடம் வருகிறேன். அவருக்குக் காது மந்தம் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. டிவியைச் சத்தமாக வைப்பார், போன் பேச மாட்டார். "எனக்கு எதுக்குமா போனு, நேர்ல வந்து பேசு" என்பார். பழைய மனிதர் என்று விட்டுவிட்டோம். வேலையில் இருந்த காலத்தில் ஒரு முறை கிளினிக்கில் காது பார்த்தார்கள். மிஸி எதிரே உட்கார்ந்து பெயர், வயது, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில். "அங்கிளுக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்று எழுதி அனுப்பினார்கள்.

2020 ஆகஸ்ட் 1 முதல் மலேசியாவில் நெரிசலான பொது இடங்களில் முகக்கவசம் கட்டாயம் ஆனது. அந்த மாதமே அப்பா செவிடானார். மளிகைக் கடையில் இரண்டு தடவை கேட்டும் விலை புரியாமல் நின்றார். கோயிலில் குருக்கள் நட்சத்திரம் கேட்டதற்குப் பேரனின் பெயரைச் சொன்னார். "அப்பாவுக்குத் திடீர்னு என்னாச்சு, மறதி நோயா?" என்று அண்ணன் பயந்தான். உண்மையில் அவருக்குத் திடீரென்று ஒன்றும் ஆகவில்லை. ஊரார் வாயை மூடிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

முகக்கவசம் ஒலியையும் கொஞ்சம் அடைக்கும் என்பது சரி. சாதாரண மருத்துவக் கவசம் உயர் அதிர்வெண்களில் சில டெசிபலைக் குறைக்கும். அதனால்தான் குழப்பமா, இல்லை முகம் மறைந்ததாலா என்று பிரித்துப் பார்க்க நினைத்தேன். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கவசம் இல்லாமல், அவர் எதிரில் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தேன். இருபது சொற்கள், ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கண்ணைத் திறந்திருந்தபோது பதினேழு சரி. "இப்ப கண்ண மூடிக்குங்கப்பா" என்றேன். அதே இடம், அதே குரல், வரிசையை மட்டும் மாற்றினேன். ஒன்பதுதான் சரி.

எண்ணிக்கையை விடத் தவறுகளின் வகை முக்கியம். கண் மூடியிருந்தபோது 'காடு' என்றதைப் 'பாடு' என்றார், 'மாடு' என்றதை 'நாடு' என்றார், 'பல்'லைக் 'கல்' என்றார். ஒரு தடவை கூட 'மாடு' 'காடு' ஆகவில்லை. மூக்கொலி காதில் பத்திரமாக இருந்தது, பிறப்பிடம் மட்டும் போய்விட்டது. கண் திறந்ததும் அந்தத் தவறுகள் எல்லாம் காணாமல் போயின. மிஞ்சியவற்றில் இரண்டு 'மலை'யும் 'மழை'யும். நாக்கு உள்ளே வளைவதை உதடு காட்டாது. எங்கள் மலைப் பேச்சில் பாதிப் பேர் 'மளை' என்றுதான் சொல்வோம். அங்கே கண்ணும் உதவாது, காதும் உதவாது. "மேல ஏறச் சொன்னியா, குடை எடுக்கச் சொன்னியா?" என்று சிரித்தார். முழு வாக்கியம் இருந்தால் தெரிந்திருக்கும். அது மூன்றாவது சாட்சி.

பிறகு ஈப்போவுக்கு இறக்கிக் கூட்டிப்போய் ஒலிபுகாத அறையில் முறையாகப் பரிசோதித்தோம். தாளில் கோடு தாழ்ந்த அதிர்வெண்களில் ஏறக்குறைய சரியாக இருந்து, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுந்து, 8000இல் கொஞ்சம் ஏறியது. இரண்டு காதிலும் அதே வடிவம். நீண்ட காலச் சத்தம் காதில் போடும் கையெழுத்து அது. முதுமையில் வரும் மந்தத்தில் கோடு இப்படி ஏறாது. உயரப் போகப் போகச் சரிந்துகொண்டே போகும். வயது கூடக் கூட இரண்டும் கலந்துவிடுவதால் பள்ளம் மறைந்துபோகவும் செய்யும். சீக்கிரம் எடுத்தால்தான் இந்தத் தாள் தெளிவாகப் பேசும்.

உயிரெழுத்துகளின் வலு தாழ்ந்த பக்கம் இருப்பதால் அப்பாவுக்குப் பேச்சு 'கேட்கும்'. மெய்யெழுத்துகளின் பிறப்பிடம்தான் கேட்காது. அதை முப்பது வருடமாக உதட்டிலிருந்து எடுத்துக்கொண்டார், எடுப்பது தெரியாமலே. யாராவது கேட்டால் "காது கேக்குதுப்பா" என்பார். அது பொய்யில்லை. கண்ணிலிருந்து வந்ததையும் மூளை ஒலியாகவே கொடுக்கிறது. மெக்கர்க் காணொளி பார்த்தவரும் 'டா' கேட்டது என்றுதானே சொல்கிறார், பார்த்தேன் என்று சொல்வதில்லையே.

என் கோபம் இங்கேதான். அந்தக் காணொளியிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டென்றால், அது இதுதான்: எதிரே உட்கார்ந்து பேசிக் காதைச் சோதிக்கக் கூடாது. அப்படிச் சோதித்தால் நீங்கள் சோதிப்பது இரண்டு சாட்சிகளை. மருத்துவத்தில் கிசுகிசுப்புச் சோதனை என்று ஒரு எளிய முறை இருக்கிறது. சோதிப்பவர் ஒரு கை தூரத்தில் பின்னால் நிற்பார். உதட்டைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே பின்னால். மறு காதை விரலால் தேய்த்து மறைத்துவிட்டு, மூன்று எண்களையோ எழுத்துகளையோ கலந்து கிசுகிசுப்பார். காசு செலவில்லை, ஒரு நிமிடம் போதும். அதில் தவறினால் முறையான பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதில் தேறினால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. தொடக்க நிலைப் பள்ளத்தை அது தவறவிடும். ஆனாலும் எதிரே உட்கார்ந்து 'எத்தனை பிள்ளைங்க' என்று கேட்பதை விட ஆயிரம் மடங்கு மேல்.

"கண்ணு ஈடு கட்டுதில்ல, அப்புறம் என்ன குறை?" என்று கேட்பவர்களும் உண்டு. பின்னாலிருந்து கூப்பிடும் குரலுக்கு உதடு இல்லை. பின்னோக்கி வரும் லாரிக்கு உதடு இல்லை. போனில் இல்லை, கரண்ட் போன இரவில் இல்லை. நான்கு பேர் பேசும் இடத்தில் யார் வாயைப் பார்ப்பது? ஒரு சாட்சியின் வேலையையும் சேர்த்து இன்னொருவர் செய்தால் அவர் களைத்துப்போவார். அப்பா கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தியது இதனால்தான் என்று இப்போதுதான் தெரிகிறது.

சட்டம் இருக்கிறது. 1989ஆம் வருட விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று இருந்த எல்லை, 2019 ஜூன் முதல் 85 ஆனது. அதைத் தாண்டும் இடத்தில் வேலை செய்கிறவருக்கு முதலாளி கேள்திறன் பரிசோதனை செய்ய வேண்டும். மீட்டர் இல்லாதவர்கள் ஒன்று செய்யலாம்: ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லையென்றால், அந்த இடம் பெரும்பாலும் எல்லையைத் தொட்டிருக்கும். உங்கள் வேலையிடத்தில் எல்லாரும் வாயைப் பார்த்துப் பேசிப் பழகிவிட்டார்கள் என்றால், அதுவே ஓர் அளவீடு.

இன்று மலையில் தமிழர்களோடு வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் இந்தோனேசியரும் அதே இயந்திரங்களுக்கு முன் நிற்கிறார்கள். பாதி தெரிந்த மலாயில் பேசிக்கொள்கிறார்கள். மொழி சரியாகத் தெரியாதபோது மூன்றாவது சாட்சியான வாக்கியப் பொருளும் பலவீனம். அவர்கள் முகத்தை இன்னும் அதிகம் நம்பியாக வேண்டும். அவர்களில் யாராவது ஒரு நாள் 'புரியல' என்று நின்றால், மந்தம் காதிலா மொழியிலா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும்போது அந்தப் பள்ளத்தையும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

சந்திப்பு முடிந்ததும் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "நீங்க விஷயத்த ரொம்ப சுருக்கிட்டீங்க, நான் பேசினது தத்துவம்" என்றார். இருக்கட்டும். அடுத்த தடவை அந்தக் காணொளியைப் போடும்போது அவரை ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அரங்கில் வயதானவர்கள் இருந்தால், விளக்கை அணைத்துவிட்டு, ஒலிபெருக்கி இல்லாமல், அவர்களுக்குப் பின்னால் நின்று அதே உரையை ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். யார் தலையசைப்பதை நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். அவரை ஈப்போவுக்குக் கூட்டிப்போக வேண்டும்.